கேமரா மாத்திரையை விழுங்கும் முன் ஸ்கேன் கேட்கிறார்களா? காரணம் இதுதான்

ஜீயபுரத்தில் வாழைத்தார் சுமக்கும் 45 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பல மாதங்களாகச் சோர்வு, ஹீமோகுளோபின் 7. மலத்தில் ரத்தம் கசிவதாகப் பரிசோதனை சொல்கிறது. திருச்சிக்கு வந்து வாய் வழியாக எண்டோஸ்கோபி, ஆசனவாய் வழியாகக் கொலோனோஸ்கோபி இரண்டும் எடுத்தாச்சு. இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. அப்போ ரத்தம் எங்கிருந்துதான் போகிறது?

அந்த இரண்டு குழாய்களும் எட்டாத இடம் ஒன்று நடுவில் இருக்கிறது. சிறுகுடலின் நீளம் சுமார் 6 மீட்டர். மேலிருந்து போகும் குழாய் அதன் தொடக்கத்தைப் பார்க்கும். கீழிருந்து வருவது கடைசிச் சில சென்டிமீட்டரைத்தான் பார்க்கும். மீதியைப் பார்க்க இப்போது முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன: கேப்சூல் எண்டோஸ்கோபி, எண்டரோகிராபி ஸ்கேன். எது உயர்ந்தது என்று கேட்பதில் அர்த்தமில்லை, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை.

கேப்சூல் என்பது சுமார் 26 மி.மீ. நீளமும் 11 மி.மீ. தடிமனும் உள்ள கேமரா. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரும்புச்சத்து மாத்திரை குடலைக் கருப்பாக்கிவிடும் என்பதால் சில நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள். இரவு பட்டினி இருந்து, காலையில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். இடுப்பில் ஒரு ரெக்கார்டர் கட்டியிருக்கும். நொடிக்கு 2 படம் வீதம் 8 மணி நேரம் எடுத்தால் 57,600 படங்கள். அதையெல்லாம் டாக்டர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்! குடலின் உள்பரப்பில் உள்ள சின்னப் புண், வீங்கிய ரத்தக்குழாய் போன்றவற்றைப் பிடிப்பதில் இது கெட்டி. நம்ம ஆளுக்கு இருக்கும் கேள்வியும் இதுதான். கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் போகிறது என்றால் இரண்டு நாளுக்குள் எடுப்பது நல்லது. தள்ளிப்போட்டால் கசிவு நின்று, இடமே தெரியாமல் போகலாம்.

எண்டரோகிராபி பார்ப்பது குடல் சுவரையும் அதற்கு வெளியே இருப்பதையும். ஒரு லிட்டருக்கு மேல் ஒரு திரவத்தை முக்கால் மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்வார்கள். குடல் விரிந்து கொடுத்தால்தான் சுவர் எங்கே தடித்திருக்கிறது, பாதை எங்கே சுருங்கியிருக்கிறது என்பது தெரியும். அதனால் வாசனை பிடிக்கலை என்று பாதியில் நிறுத்திவிட்டால் ஸ்கேனும் பாதிதான். சி.டி. சீக்கிரம் முடியும், ஆனால் கதிர்வீச்சு உண்டு. திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிய இளைஞர்களுக்கு எம்.ஆர். முறை நல்லது.

சாப்பிட்டதும் வயிறு முறுக்கி வலிக்கிறது, உப்புகிறது, வாந்தி வருகிறது என்றால் ஸ்கேன்தான் முதலில். பாதை சுருங்கியிருந்தால் கேப்சூல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதை எடுக்க நீளமான பலூன் எண்டோஸ்கோபியோ, சில சமயம் அறுவை சிகிச்சையோ தேவைப்படும். குடல் காசநோய் இன்னும் இருக்கும் நம்ம நாட்டில் இது லேசான பயம் இல்லை; அந்த நோய் குடலைச் சுருக்கிவிடும்.

ஸ்கேன் 'நார்மல்' என்று வந்துவிட்டால் நிம்மதியா? முழுசாக இல்லை. நம்ம ஆள் முதுகுவலிக்காக வருஷக்கணக்கில் வலி மாத்திரை போட்டிருந்தால், குடலுக்குள் மெல்லிய ஜவ்வு மாதிரித் தடுப்புகள் உருவாகியிருக்கலாம். ஸ்கேனில் அவை தப்பிவிடும். அதனால் கேட்காவிட்டாலும் அந்த மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால், கேமரா இல்லாத, தானே கரையும் சோதனைக் கேப்சூல் ஒன்றை முதலில் விழுங்க வைப்பார்கள். சுமார் 30 மணி நேரத்துக்குள் அது முழுசாக வெளியே வந்தால் பாதை திறந்திருக்கிறது.

கேப்சூல் புண்ணைக் காட்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது என்ன புண் என்று சொல்ல முடியாது. காசநோய்ப் புண்ணும் க்ரோன்ஸ் நோய்ப் புண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து, அது காசநோயாக இருந்துவிட்டால் கிருமிக்குக் கொண்டாட்டம்தான். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கேப்சூலால் அது முடியாது. ஸ்கேனாலும் முடியாது. கொலோனோஸ்கோபியோ பலூன் எண்டோஸ்கோபியோ அந்த இடத்துக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

விழுங்கிய பிறகு கேப்சூல் மலத்தோடு வெளியே வந்ததா என்று கவனியுங்கள். சிக்கினாலும் பெரும்பாலும் வலிக்காது என்பதால் வலி இல்லை என்று விட்டுவிட வேண்டாம். இரண்டு வாரத்தில் வந்ததாகத் தெரியவில்லை என்றால் சாதாரண வயிற்று எக்ஸ்ரே போதும், உள்ளே இருந்தால் பளிச்சென்று தெரியும். வாந்தி, வயிறு உப்பல் வந்தால் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அது வெளியே வந்தது உறுதியாகும் வரை எந்தக் காரணத்துக்கும் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகாதீர்கள்.