ஒன்பது லட்சத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

மாப்பிள்ளைக்கு வருஷச் சம்பளம் ஒன்பது லட்சம் என்கிறார் தரகர். பெண்ணின் அப்பா உடனே பன்னிரண்டால் வகுத்து, மாதம் 75,000 என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறார். மாதக் கடைசியில் பையனின் வங்கிக் கணக்கில் விழுவதோ ஐம்பதாயிரத்துச் சொச்சம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. தரகர் சொன்னது சி.டி.சி.; அப்பா நினைத்தது கைக்கு வரும் பணம்.

ஓர் ஊழியரை ஒரு வருஷம் வேலைக்கு வைத்திருக்கக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவுதான் சி.டி.சி. அதில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் வரையறுக்கவில்லை. அதனால் இரண்டு கம்பெனிகளின் சி.டி.சி.யைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது புரிந்துவிடும்.

சென்னையில் வேலை தேடும் ஓர் இளைஞருக்கு இரண்டு ஆஃபர் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கம்பெனி ஒன்பது லட்சம் தருகிறது, இரண்டாவது கம்பெனி 8,10,000. எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் ஆஃபரின் இணைப்பைப் பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் மாதம் 37,500. அதில் 12 சதவீதம், அதாவது 4,500 ரூபாயைக் கம்பெனி தன் பங்காகப் பி.எஃப்.பில் கட்டுகிறது. வருஷத்துக்கு 54,000. இது சி.டி.சி.க்குள்ளேயே இருக்கிறது. வேரியபிள் பே 90,000, ஜாயினிங் போனஸ் 50,000, குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 18,355, கிராஜுவிட்டி 21,645 ஆகியவையும் அப்படியே. எல்லாவற்றையும் ஒன்பது லட்சத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது 6,66,000, மாதம் 55,500. ஊழியரின் பங்கான பி.எஃப். 4,500 இதிலிருந்துதான் பிடிக்கப்படும். சென்னையில் இந்தச் சம்பளத்துக்குத் தொழில்வரி அரையாண்டுக்கு 1,250. மாதக்கணக்கில் 208 ரூபாய். கடைசியில் கைக்கு வருவது சுமார் 50,800.

வருமான வரியை நான் மறந்துவிடவில்லை. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில், நிலைக்கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்தால் 12,75,000 வரை சம்பளத்துக்கு வரி இல்லை. இந்த இருவருமே அதற்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது கம்பெனியில் அடிப்படைச் சம்பளம் 33,750. வேரியபிள் இல்லை, ஜாயினிங் போனஸும் இல்லை. அதே அளவு காப்பீடு உண்டு. ஆனால் பிரீமியத்தைச் சி.டி.சி.யில் ஏற்றவில்லை. பி.எஃப்.பைச் சட்டத்தின் சம்பள வரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 கட்டுகிறார்கள். இப்படிக் கட்டவும் சட்டம் இடம் தருகிறது. இதையும் கிராஜுவிட்டி 19,480 ரூபாயையும் கழித்தால் மாதம் சுமார் 64,000 நிற்கும். ஊழியர் பங்கு 1,800, தொழில்வரி 208 போக, கைக்கு 62,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். சி.டி.சி.யில் 90,000 குறைந்த வேலையில், மாதா மாதம் 11,000 ரூபாய்க்கு மேல் அதிகம்.

இதோடு நிறுத்திக்கொண்டு இரண்டாவதுதான் நல்லது என்று தீர்ப்புச் சொன்னால், அது எதிர்ப்பக்கத்துத் தப்பாகிவிடும். பி.எஃப். பிடித்தம் செலவல்ல, நம்முடைய பணம். முதல் கம்பெனியில் இரு பங்கும் சேர்ந்து மாதம் 9,000 போகிறது, இரண்டாவதில் 3,600. அந்த 5,400 ரூபாய் வித்தியாசம் தொலைந்துபோகவில்லை, உடனே எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறது. வாடகையும் கல்விக்கடன் தவணையும் கழுத்தை நெரிக்கும் ஒருவருக்குக் கையில் இருப்பது முக்கியம். சேமிப்பு தானாக நடக்கட்டும் என்று நினைப்பவருக்கு முதல் கம்பெனி பிடிக்கலாம்.

ஆகவே கம்பெனி கட்டும் பி.எஃப்.பையும் சேர்த்து, உண்மையிலேயே நம் பக்கம் வரும் பணத்தை ஒப்பிட வேண்டும். ஒரு தடவை மட்டும் வரும் ஜாயினிங் போனஸை விட்டுவிடுவோம். இரண்டாவது கம்பெனியில் வருஷத்துக்குச் சுமார் 7,90,500. முதல் கம்பெனியில் வேரியபிள் இல்லாமல் 7,20,000. மீதி 70,500 ரூபாயை அந்த 90,000 ரூபாய் வேரியபிள்தான் ஈடுகட்ட வேண்டும். அதாவது, அதில் 78 சதவீதத்துக்கு மேல் கொடுத்தால் முதல் வேலை லாபம், குறைந்தால் நஷ்டம். ஒன்பது லட்சம் என்ற எண் சொல்லாத விஷயம் இதுதான்.

எனவே எச்.ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "போன இரண்டு வருஷம் இந்த கிரேடுக்கு வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?" என்பது. "நல்லா வேலை செஞ்சா முழுசா கிடைக்கும்" என்ற பதில் பதிலல்ல. பல இடங்களில் அது நம் உழைப்போடு கம்பெனியின் லாபத்தையும் பொறுத்தது. கொடுக்கும் தேதியன்று வேலையில் இருப்பவருக்கு மட்டுமே என்ற நிபந்தனையும் சில கடிதங்களில் இருக்கும். மார்ச் வரை உழைத்துவிட்டு மே மாதம் ராஜினாமா செய்தவர், ஜூனில் கொடுக்கும் தொகையை இழப்பது இப்படித்தான்.

கிராஜுவிட்டியைச் சி.டி.சி.யில் எழுதுவதுதான் எனக்குக் கொஞ்சம் அடாவடியாகப் படுகிறது. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 26-க்கு 15 பங்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் என்பது அதன் கணக்கு. வருஷ அடிப்படைச் சம்பளத்தில் இது 4.81 சதவீதம், சி.டி.சி.யில் ஏறும் எண் அதுதான். ஆனால் நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷம் முடிந்தால்தான் அது கிடைக்கும். மூன்றாம் வருஷம் கம்பெனி மாறுபவருக்கு அந்த 21,645 காகிதத்தில் மட்டுமே இருந்த பணம். சி.டி.சி.யில் எழுதாவிட்டாலும், தகுதி வந்தவருக்குச் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஜாயினிங் போனஸின் விளையாட்டு இரண்டாம் வருஷத்தில்தான் தெரியும். அந்த 50,000 போனதும் ஒன்பது லட்சம் 8,50,000 ஆகிவிடும். பழையபடி ஒன்பதைத் தொடவே ஆறு சதவீதம் உயர்வு வேண்டும். ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்டவும் வேண்டியிருக்கும். அதிகச் சம்பளக்காரர்கள் ஒன்றைக் கடிதத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்: வரி பிடித்தது போகக் கைக்கு வந்ததைத் திருப்பிக் கேட்கிறார்களா, வரியும் சேர்த்த முழுத் தொகையையா என்று.

இதையெல்லாம் சேர்ந்த பிறகு பே ஸ்லிப்பில் கண்டுபிடித்துப் பயனில்லை. கையெழுத்துப் போடும் முன்பே, மாதவாரியாகப் பிரித்த சம்பள அட்டவணையை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லலாம். பி.எஃப். முழு அடிப்படைச் சம்பளத்துக்கா, 1,800 ரூபாய் மட்டுமா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்ல வேண்டும். பேரம் பேசுவதாக இருந்தால், சி.டி.சி.யை ஒன்பதிலிருந்து ஒன்பதரை ஆக்குங்கள் என்று கேட்காமல், வேரியபிளில் பாதியை நிலையான சம்பளத்துக்கு மாற்றித் தரக் கேட்கலாம். கம்பெனியின் மொத்தச் செலவு பெரிதாக ஏறாது என்பதால், எச்.ஆர். அதற்குச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.