பத்துக்கு இன்னும் எத்தனை?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் “ஆறோடு எத்தனை சேர்த்தா பத்து?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதன் விரல்களைக் கவனியுங்கள். சில பிள்ளைகள் ஆறு விரலை முதலிலிருந்து எண்ணி நீட்டி, மடங்கியிருக்கும் மீதியையும் எண்ணும். சில பிள்ளைகள் “ஏழு, எட்டு, ஒன்பது, பத்து” என்று மேலே எண்ணிப்போகும். அரிதாக ஒன்றிரண்டு “நாலு” என்று சட்டென்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். மூன்று பேர் சொன்னதும் சரிதான். ஆனால் எட்டும் ஐந்தும் எத்தனை என்று அடுத்த பாடத்தில் கேட்கும்போது, மூன்றாவது பிள்ளை மட்டும் ஐந்திலிருந்து இரண்டைப் பிரித்து எட்டைப் பத்தாக்கும். மீதி மூன்று, ஆகப் பதின்மூன்று. மற்ற இருவரும் அங்கேயும் விரலைத்தான் தேடுவார்கள்.

ஆகவே வேலை இதுதான்: ஒன்று-ஒன்பது, இரண்டு-எட்டு, மூன்று-ஏழு, நான்கு-ஆறு, ஐந்து-ஐந்து, இவற்றோடு சுழியம்-பத்து. இந்த ஆறு ஜோடியும் எண்ணாமலே வாயில் வரவேண்டும். வாய்ப்பாடுபோல ஒப்பிக்க வைத்தால் வரிசையாக வரும். நடுவிலிருந்து கேட்டால் பிள்ளை முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். பகடைக்கு வரிசை தெரியாது என்பதால்தான் அது இங்கே உதவுகிறது.

ஒரு தாளில் மேலே ஐந்து, கீழே ஐந்து என்று பத்துக் கட்டம் போடுங்கள். லூடோ பெட்டியிலிருந்து ஒரு பகடை, பத்துக் காய்கள். காய் எதுவாகவும் இருக்கலாம்: புளியங்கொட்டை, சோழி, சட்டைப் பொத்தான். மேல்வரிசையை இடமிருந்து நிரப்பிய பிறகே கீழ்வரிசைக்கு வரவேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. ஆறு விழுந்தால் மேல்வரிசை நிறைந்து கீழே ஒன்று நிற்கும். காலியாக நாலு கட்டம் பளிச்சென்று தெரியும். காய்களைக் கண்டபடி வைத்தால் அந்த நாலு கண்ணில் படாது, பிள்ளை மறுபடி எண்ணத் தொடங்கிவிடும்.

ஆட்டம் தாயம் விளையாடியவர்களுக்குப் பழக்கமானதுதான். பழமேற சரியான எண் விழவேண்டும் இல்லையா, அதுபோல இங்கே பத்து சரியாக நிறைய வேண்டும். ஆளுக்கொரு பத்துக் கட்டம், ஆளுக்குப் பத்துக் காய், முறை வைத்து உருட்டுவது. உருட்டும் முன் “எனக்கு இத்தனை வேணும்” என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உருட்டினால் அந்த முறை போச்சு. உண்மையில் ஆட்டத்தின் படிப்பெல்லாம் இந்த ஒரு விதிக்குள்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பிள்ளை பகடையைப் பார்த்துக் காய் வைப்பதோடு சரி, பத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

ஒரு சுற்றைப் பார்ப்போம். பாட்டியும் பேத்தியும் ஆடுகிறார்கள். பேத்திக்கு முதலில் நாலு விழுந்தது. அடுத்த முறை “ஆறு வேணும் பாட்டி” என்று சொல்லி உருட்டினாள், மூன்று. ஏழு காய் ஆயிற்று. “மூணு வேணும்.” விழுந்தது ஐந்து. வழக்கமான ஆட்டத்தில் இதற்கு இடமில்லை, சும்மா உட்கார வேண்டியதுதான். ஒன்பதில் வந்து நின்று ஒன்றுக்காகத் தவம் கிடக்கும் ஆறு வயதுப் பிள்ளை கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடும். அதனால், மிஞ்சினால் அத்தனை காயை எடுத்துவிட வேண்டும் என்று விதியை மாற்றிக்கொள்வது நல்லது. ஏழிலிருந்து ஐந்து போக இரண்டு. “இப்ப எத்தனைடி வேணும்?” என்று பாட்டி கேட்க, “எட்டு” என்றாள். ஒரே ஆட்டத்தில் நாலு-ஆறு, ஏழு-மூன்று, இரண்டு-எட்டு மூன்றும் வந்துவிட்டன.

“ஆறுக்கு அஞ்சு வேணும்”, “ஏழுக்கு நாலு வேணும்” என்று பதில் எப்போதும் ஒன்று கூடுதலாக வந்தால் அதைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். பிள்ளை கையில் இருக்கும் ஆறையும் சேர்த்து “ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து” என்று எண்ணுகிறது. ஐந்து விரல் நீள்கிறது. தப்பு எப்போதும் ஒன்றுதான் என்பதே அடையாளம். காலிக் கட்டங்களை மட்டும் விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் போதும், தானே திருத்திக்கொள்ளும். அடிக்கடி காண்பது இன்னொன்று: ஏழுக்கு மூன்று என்று உடனே சொல்லும் பிள்ளை மூன்றுக்கு எத்தனை என்றால் விழிக்கும். ஏழு காய் இருக்கும் கட்டத்தைக் காட்டி, காய்களை எடுத்துக் காலியாக இருந்த மூன்றில் வைக்கச் சொல்லுங்கள்.

கட்டத்தோடு நின்றுவிடவும் கூடாது. காய் கண்ணெதிரே இருக்கும்வரை எண்ணுவதற்கு வசதி இருக்கிறது. வசதி இருந்தால் யாராயிருந்தாலும் எண்ணத்தான் செய்வார்கள். சில நாள் ஆடியபின் பத்துக் காயைத் தரையில் பரப்பி, பிள்ளையைக் கண் மூடச் சொல்லி, சிலவற்றை ஒரு கொட்டாங்குச்சியால் மூடுங்கள். வெளியே நாலு தெரிகிறது, உள்ளே எத்தனை? சொன்னபிறகு கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்க்கலாம். தூக்குவதில் இருக்கிற ஆவலுக்காகவே பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பதில் வர இழுக்கிறதா, உதடு அசைகிறதா என்று பாருங்கள். இழுக்கிற ஜோடியை மட்டும் அடிக்கடி மூடிக் காட்டலாம்.

பகடைக்கு ஒரு குறை உண்டு. ஒரு பகடையில் ஏழு, எட்டு, ஒன்பது விழாது. விழுந்த எண்ணைப் பார்த்துப் பத்துக்கு எத்தனை என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், மூன்றுக்கு ஏழு பழகும், ஏழுக்கு மூன்று பழகாது. இரண்டு பகடை போட்டால் ஏழு அதிகம் விழும், ஒன்று விழவே விழாது, நடுவே பதினொன்றும் பன்னிரண்டும் வந்து ஆட்டத்தைக் கெடுக்கும். (மலிவுப் பகடை கிடைத்தால் அதன்மேல் காகிதம் ஒட்டி 4, 5, 6, 7, 8, 9 என்று எழுதிக்கொள்ளலாம், எண்ணுக்கு எண் ஆறு முகம் சரியாகப் போதும். 6-க்கும் 9-க்கும் அடியில் கோடு போட மறக்கவேண்டாம்.)

அந்தக் காலத்துப் பகடை ஒன்றும் கைகொடுக்கும். பத்துப் புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் திண்ணையில் வெள்ளை தெரியும்வரை உரையுங்கள். குலுக்கிப் போட்டதும் வெள்ளையை மட்டும் எண்ணிவிட்டு, கறுப்பை எண்ணாமல் சொல்ல வேண்டும். பத்தும் தரையில் இருப்பதால் எப்படி விழுந்தாலும் கூட்டுத்தொகை பத்துதான். ஏழுக்கு மூன்றும் மூன்றுக்கு ஏழும் ஏறக்குறைய சரிசமமாக வரும். ஆனால் இதற்கும் ஒரு சாய்வு இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக விழும் கொட்டைகள் என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை போட்டால் கிட்டத்தட்ட இரண்டு முறை ஐந்து-ஐந்தோ ஆறு-நாலோதான் வரும். ஒன்பது-ஒன்று ஐம்பது முறைக்கு ஒருமுறை தலைகாட்டினால் பெரிது. பகடையிலோ ஒன்று ஆறு முறைக்கு ஒருமுறை விழுந்துகொண்டிருக்கும். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுவதால் இரண்டையும் மாற்றி மாற்றி ஆடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள். மூக்கில் போட்டுக்கொள்ளப் புளியங்கொட்டையைவிடத் தோதான பொருள் வேறில்லை.

ஆட்டம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கொட்டாங்குச்சிக்கு அடியில் எத்தனை என்று கேட்ட மாத்திரத்தில், எல்லா ஜோடிக்கும் விரல் அசையாமல் பதில் வந்தால் பக்கத்திலேயே இன்னொரு பத்துக் கட்டம் வரையுங்கள். முதல் கட்டத்தில் எட்டுக் காய், இரண்டாவதில் ஐந்து. இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு எத்தனை காயை நகர்த்தலாம் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.