பெல்ட்தான் இடைவெளியைச் சொல்லும்

டைமிங் பெல்ட் பூட்டிய ஒரு சின்ன இயந்திரத்தைக் கம்ப்யூட்டரில் வரையும்போது, பலர் முதலில் இரண்டு தண்டுகளையும் வசதிப்பட்ட இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பிறகுதான் அந்த இடைவெளிக்குப் பெல்ட் தேடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழ். வளையமாக வரும் பெல்ட்டில் அரைப் பல் என்று ஒன்று இல்லை. கடையில் என்ன நீளம் கிடைக்கிறதோ, அதைக் கொண்டுதான் தண்டுகளின் இடைவெளியைக் கணக்கிட வேண்டும்.

பொருட்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்க உதவும் சுழல் மேசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு அடிக்கு 1.8 பாகை திரும்பும். மேசை 0.6 பாகை திரும்பினால் போதும் என்றால், விகிதம் மூன்றுக்கு ஒன்று. மோட்டாரில் 20 பல் புல்லி, மேசையில் 60 பல் புல்லி. பெல்ட் 3டி பிரிண்டர்களில் வரும் ஜிடி2 வகை. பல்லுக்குப் பல் 2 மி.மீ. இந்த இடைவெளியைத்தான் பிட்ச் என்கிறார்கள்.

பெல்ட் தாங்குமா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். மேசைக்கு 0.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பெரிய புல்லியின் ஆரமான 19.1 மி.மீ.யால் அதை வகுக்க, பெல்ட்டில் ஏறும் இழுவிசை ஏறக்குறைய 16 நியூட்டன். தயாரிப்பாளரின் அட்டவணையில் இந்த அகலத்துக்குச் சொல்லியிருக்கும் அளவு அதற்குக் குறைவாக இருந்தால், அகலமான பெல்ட்டுக்குப் போக வேண்டும்.

அடுத்தது நீளம். தண்டுகளுக்கு இடையே 60 மி.மீ. இருந்தால் நன்றாக இருக்கும் என்பது நம் விருப்பம். அதற்கு 202.7 மி.மீ. நீளமுள்ள பெல்ட் தேவை. அதாவது 101 பல்லும் கொஞ்சமும். அப்படி ஒன்று கிடையாது. எளிதில் கிடைப்பது 200 மி.மீ., சரியாக 100 பல். எனவே பெல்ட்டை வைத்துக்கொண்டு இடைவெளியைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். ஓபன்ஸ்கேட் மென்பொருளில் அது இவ்வளவுதான்:

```
p = 2; z1 = 20; z2 = 60; zb = 100;
pld = 0.254;
d1 = p*z1/PI;
d2 = p*z2/PI;
k = p*zb - p*(z1+z2)/2;
C = (k + sqrt(k*k - 2*pow(d2-d1,2)))/4;
echo(C, d1-2*pld, d2-2*pld);
```

விடை 58.62 மி.மீ. சூத்திரம் தோராயமானதுதான், ஆனால் துல்லியமான கணக்கிலிருந்து இங்கே நூறில் ஒரு மில்லிமீட்டர் கூட விலகவில்லை. சின்னப் புல்லியைப் பெல்ட் சுமார் 155 பாகை தழுவுகிறது. எட்டுப் பற்கள் பிடியில் இருக்கும். ஆறுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

நிரலில் வரும் `pld` என்ற 0.254-ஐ விட்டுவிடுபவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பெல்ட்டின் நீளம் மாறாமல் இருப்பது அதனுள்ளே ஓடும் நூலிழையின் கோட்டில். அந்தக் கோடு புல்லியின் பல் உச்சிக்கு 0.254 மி.மீ. வெளியே ஓடுகிறது. 20 பல் புல்லியின் கணக்கு விட்டம் 12.73, வெர்னியரில் அளந்தால் வருவதோ 12.22. அளந்த விட்டங்களைக் கொண்டு நீளத்தைக் கணக்கிட்டால் இடைவெளி 59.4-க்கு மேல் போய்விடும். நூலிழை நீளாது, 0.8 மி.மீ. கூடுதலாக இருந்தால் பெல்ட் ஏறவே ஏறாது. நேர்மாறாக, 12.73-ஐ வெளிவிட்டமாக வரைந்து புல்லியை அச்சிட்டால், அதன் பற்கள் பெல்ட்டின் பற்களைவிடச் சற்று அகன்று நின்று, பெல்ட்டைப் பள்ளத்தில் உட்காரவிடாமல் மேலே தூக்கும்.

மாடலில் முதலில் 12.73, 38.20 விட்டத்தில் இரண்டு கணக்கு வட்டங்களை 58.62 தள்ளி வரைந்து, இரு பக்கமும் தொடுகோடு போடுங்கள். இரண்டு தொடுகோடும் இரண்டு வில்லும் சேர்ந்த நீளத்தை மென்பொருளிலேயே அளந்து பாருங்கள். 200.0 வந்தால் எண்கள் சரி. அதன் பிறகு வெளிவிட்டத்தில் புல்லியின் உடலை எழுப்பி, ஒரே ஒரு பள்ளத்தைச் சரியான வடிவில் வெட்டி, 18 பாகைக்கு ஒன்றாக 20 முறை சுழற்றி நகலெடுத்தால் போதும். பெரியதற்கு 6 பாகை, 60 முறை. பெல்ட்டை வழுவழுப்பான பட்டையாகக் காட்டினாலே பெரும்பாலும் போதும். பல் வேண்டும் என்றால் பாதை நெடுகிலும் 2 மி.மீ.க்கு ஒன்றாக 100 வையுங்கள். கடைசிப் பல் முதல் பல்லோடு இடிக்காமல் சேரும்.

வாங்கும்போது எம்எக்ஸ்எல் பெல்ட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதன் பிட்ச் 2.032 மி.மீ. கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. பெரிய புல்லியில் 34 பற்கள் படிவதால் அங்கே சேரும் பிழை ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும், அதாவது அரைப் பல். பெல்ட் பல்லின் மேல் ஏறி நிற்கும். பக்கவாட்டில் பாருங்கள்: ஜிடி2 பல் வளைந்திருக்கும், எம்எக்ஸ்எல் பல் சரிவான நேர்கோடுகளால் ஆனது.

மோட்டார் திருகுகளுக்கு வட்டத் துளை போடாமல் நீள்துளை போடுங்கள். 58.62-ஐ நடுவில் வைத்து, வெளிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் இழுக்க இடம் விட்டால் இறுக்கம் கிடைக்கும். உள்பக்கம் அதைவிட அதிகம், இரண்டு மூன்று மில்லிமீட்டராவது விட வேண்டும். புல்லியின் விளிம்பைத் தாண்டிப் பெல்ட்டை ஏற்ற அந்தத் தளர்வு தேவைப்படும்.