நான்கு வயல், நான்கு ஆண்டு

கிணற்றுப் பாசனமுள்ள ஓர் ஏக்கரை இருபத்தைந்து சென்ட் வீதம் நான்கு வயல்களாகப் பிரித்தால், தக்காளி, மக்காச்சோளம், நிலக்கடலை, சின்ன வெங்காயம் ஆகிய நான்கையும் ஒரே ஆடிப்பட்டத்தில் ஆளுக்கொரு வயலாகப் போடலாம். மறு ஆடியில் தக்காளி நின்ற இடத்துக்கு மக்காச்சோளம், மக்காச்சோள வயலுக்கு நிலக்கடலை, கடலை வயலுக்கு வெங்காயம், வெங்காய வயலுக்குத் தக்காளி என்று இடம் மாறும். ஒரு வயலுக்குத் தக்காளி திரும்பி வர நான்கு ஆண்டு ஆகும்.

இந்த வரிசை தக்காளியை வைத்தே அமைந்தது. அதைத் தாக்கும் பாக்டீரியா வாடல் நோயின் கிருமி மண்ணில் நெடுநாள் தங்கும்; கத்தரி, மிளகாய் ஆகியவையும் அதே குடும்பம் என்பதால் அவற்றைப் போட்டாலும் கிருமிக்குத் தீனிதான். மக்காச்சோளத்தில் அது பிழைப்பதில்லை. பச்சையாக இருந்த செடி திடீரெனத் தொங்கினால் தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிட வேண்டும். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் நூல் போல இறங்கினால் அந்த நோய்தான். நிலக்கடலையும் இதற்கு இடங்கொடுக்கக்கூடியது. அப்படிப்பட்ட வயலில் கடலையின் முறைக்கும் சோளமோ கம்போ போடுவது நல்லது.

தைப்பட்டத்தில் கிணறு நான்கு வயலுக்கும் ஈடுகொடுக்காது. ஆகவே தக்காளி எடுத்த வயலில் எள்ளும், கடலை எடுத்த வயலில் கம்பும் மட்டும் போட்டு மற்ற இரண்டையும் ஆறப்போடலாம். கடலை வேர் முடிச்சுகள் சேர்த்த தழைச்சத்தில் எஞ்சியதைக் கம்பு எடுத்துக்கொள்ளும். வெங்காய வயலில் சித்திரையில் நான்கு கிலோ சணப்பு விதைத்து, நாற்பத்தைந்து நாளில் பூக்கும்போது மடக்கி உழுது, இரண்டு மூன்று வாரம் மட்கவிட்டால் ஆடித் தக்காளிக்கு மண் தயார். வேர்முடிச்சு நூற்புழுவையும் சணப்பு குறைக்கும்.

அந்தப் புழு இருக்கிறதா என்று தக்காளியைப் பிடுங்கும்போதே பார்த்துவிடலாம். புழு உண்டாக்கிய வீக்கம் வேரோடு வேராக இருக்கும், உதிராது. கடலை வேரிலுள்ள நல்ல முடிச்சோ பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். தேய்த்தால் உதிரும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்.

பயிரை மாற்றினாலும் தண்ணீர் காரியத்தைக் கெடுக்கக்கூடும். தக்காளி வயலில் பாய்ந்த நீர் வழிந்து அடுத்த வயலுக்குப் போனால் கிருமியும் போகும். ஒவ்வொரு வயலுக்கும் வாய்க்காலிலிருந்து தனி மடை வேண்டும். நோய் கண்ட வயலில் கடைசியாக உழுது, கலப்பையைக் கழுவ வேண்டும்.

திட்டம் பெரும்பாலும் உடைவது விலையால்தான். மிளகாய் விலை ஏறியதும் வெங்காய வயலில் அதை நட்டுவிடுவார்கள். மறு ஆடியில் அங்கேயே தக்காளி வரும், இடைவெளி பறிபோகும். மிளகாய் வேண்டுமானால் அந்த ஆண்டின் தக்காளி வயலிலேயே பாதியை அதற்கு ஒதுக்கலாம்.