‘டி’யில் நடுங்கும் கார் ‘என்’னில் அடங்குவது ஏன்?

சிவப்பு விளக்கில் நிற்கும்போது உங்கள் ஆட்டோ கியர் கார் ‘டி’யில் நடுங்கி, ‘என்’னுக்கு மாற்றியதும் அடங்கிவிடுகிறதா? முதலில் இன்ஜின் மவுண்டிங்கைச் சந்தேகியுங்கள்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 750 முறை சுழன்றால், அதற்குள் வினாடிக்கு 25 முறை எரிபொருள் எரிகிறது. ஒவ்வொரு முறையும் ஏற்படும் அதிர்வை உள்வாங்கிக்கொள்வது மவுண்டிங்கில் உள்ள ரப்பர்தான். ‘டி’யில் பிரேக் சக்கரங்களைப் பிடித்திருக்க, இன்ஜின் விடாமல் தள்ளுகிறது. அதன் எதிர்விசையால் இன்ஜினே ஒரு பக்கம் சாய்கிறது. ரப்பர் கிழிந்திருந்தால் இரும்போடு இரும்பு முட்டி, அதிர்வு நேராக உங்கள் இருக்கைக்கு வரும். ‘என்’னில் அந்தச் சாய்வு இல்லை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பானட்டைத் திறந்து, கைப்பிரேக்கைப் போட்டு, கால்பிரேக்கை நன்கு அழுத்தியபடி கியரை ‘டி’க்கும் ‘ஆரு’க்கும் மாற்றுங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று கவனிக்கட்டும். காரின் முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது. இன்ஜின் துள்ளிச் சாய்ந்தால் மவுண்டிங் போய்விட்டது என்று பொருள். துள்ளாவிட்டாலும் ரப்பர் அமுங்கிப் போயிருக்கலாம். பட்டறையில் அடியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

‘என்’னிலும் நடுங்கினால், ஸ்பார்க் பிளக்கிலிருந்து தேடத் தொடங்குங்கள்.