ராஜாவின் சிப்பாய்க்கு ஈடாக ஒரு பிஷப்

சதுரங்கத்தில் ராஜாவை ஓரத்துக்கு நகர்த்தி, யானையை அதன் மறுபக்கம் நிறுத்தும் காஸ்லிங் என்ற நகர்வு முடிந்ததும், கறுப்பு ராஜா g8 கட்டத்தில், f7, g7, h7 ஆகிய மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் பாதுகாப்பாக அமர்ந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் அந்த மூன்றில் h7 சிப்பாய்க்கு உள்ள காவல் மிகவும் மெலிது; f6 கட்டத்தில் நிற்கும் குதிரை விரட்டப்பட்டாலோ மாற்றப்பட்டாலோ, அதைக் காப்பதற்கு ராஜாவைத் தவிர வேறு எவரும் இருப்பதில்லை. இந்த மெலிவைக் குறிவைத்து, d3 கட்டத்திலிருந்து மூலைவிட்டமாகப் பாயும் வெள்ளை பிஷப்பை h7 சிப்பாயின் மேல் செலுத்தி, செக் சொல்லி, அந்த பிஷப்பையே ராஜாவுக்கு இரையாக்குவதுதான் 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான ஜோக்கினோ கிரெக்கோவின் ஆட்டக் குறிப்புகளிலேயே காணப்படுகிற புகழ்பெற்ற பிஷப் பலி.

இதன் பாடநூல் வடிவம் எளியது. ராஜா பிஷப்பை வெட்டியதும் f3 குதிரை g5 கட்டத்துக்குத் தாவி இரண்டாவது செக் சொல்கிறது. ராஜா g8 கட்டத்துக்குத் திரும்பினால், d1 கட்டத்திலிருந்த ராணி h5 கட்டத்துக்கு வந்து, h7 கட்டத்தில் மேட் என்று மிரட்டுகிறது. வெள்ளையின் சிப்பாய் e5 கட்டத்தில் நிற்பது இங்கே இன்றியமையாதது, ஏனெனில் கறுப்புக் குதிரையோ ராணியோ f6 கட்டத்துக்கு வந்து காவல் நிற்பதைத் தடுப்பது அதுவே. அதேபோல் c1 கட்டத்தில் உள்ள மற்றொரு பிஷப்பின் மூலைவிட்டம் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கறுப்பு ராணி d8 கட்டத்திலிருந்தே g5 குதிரையை இலவசமாக வெட்டிச் சென்றுவிடும். ராஜா g8 கட்டத்துக்குத் திரும்பாமல் g6 கட்டத்துக்கு ஏறி வருவதுதான் எப்போதும் கடினமான கேள்வி. பலியிடுபவர் பலகையில் பிஷப்பைத் தொடுவதற்கு முன் மனத்தில் கணித்து முடித்திருக்க வேண்டியது அந்தக் கிளையைத்தான்.

இந்த வாய்பாடு முழுமையாகப் பொருந்தாத இடத்திலும் பலி வெல்லக்கூடும் என்பதற்குச் சென்னையில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், 1996 டிசம்பரில் ஸ்பெயினின் லாஸ் பால்மாஸ் நகரில் அனதோலி கார்ப்போவுக்கு எதிராக ஆடிய ஆட்டம் தலைசிறந்த சான்று. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், சென்னையின் சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய மிகைல் தால் செஸ் கிளப்பில் சிறுவனாக ஆடியவர் ஆனந்த். பலிகளுக்குப் பெயர்பெற்ற தாலின் பெயரைத் தாங்கிய அந்த மன்றத்திலிருந்து வந்தவர் துணிச்சலுக்காகவே பிஷப்பைக் கொடுத்தார் என்று சொல்லத் தோன்றினாலும், அந்த ஆட்டத்தைக் காய் காயாகப் பார்த்தால் துணிச்சலைவிடக் கணக்கே அதில் மேலோங்கி நிற்கிறது.

இருபதாவது நகர்வில் கார்ப்போவ் தமது பிஷப்பை a6 கட்டத்தில் வைத்து, b5 கட்டத்தில் நின்ற ஆனந்தின் யானையைத் தாக்கினார். அப்போது வெள்ளைக் குதிரை ஏற்கெனவே e5 கட்டத்தில் இருந்ததால் g5 கட்டத்துக்குத் தாவ வழியில்லை. e5 கட்டத்தில் சிப்பாயும் இல்லை. இருந்தும் ஆனந்த் 21ஆவது நகர்வில் h7 சிப்பாயை பிஷப்பால் வெட்டினார். ராஜா அதை எடுத்தது, ராணி h5 கட்டத்தில் செக் சொன்னது, ராஜா g8 கட்டத்துக்குத் திரும்பியது. இதன்பின் வந்த நகர்வுதான் பலியின் உயிர்: தாக்குதலுக்கு உள்ளாகியிருந்த அதே யானை b5 கட்டத்திலிருந்து b3 கட்டத்துக்குப் பின்வாங்கியது. மேலோட்டமாகப் பார்த்தால் தப்பியோடுவதுபோல் தெரிந்தாலும், மூன்றாம் வரிசை முழுவதும் காலியாக இருந்ததால் அந்த யானை அடுத்த நகர்வில் h3 கட்டத்துக்கு வந்து ராணியின் பின்னால் நின்றது. வழக்கமான பலியில் குதிரை ஆற்றும் துணைப்பணியை இங்கே யானை ஏற்றது.

இதற்காக ஆனந்த் f1 கட்டத்தில் நின்ற தமது மற்றொரு யானையையும் a6 பிஷப்பின் வாயில் விட்டுவைத்திருந்தார். கார்ப்போவ் முதலில் e5 குதிரையை வெட்டி, பிறகு ராஜாவுக்கு f7 கட்டத்தில் வழி கிடைக்க f சிப்பாயை f6 கட்டத்துக்குத் தள்ளினார். ஆனந்த் d சிப்பாயால் e5 கட்டத்தில் நின்ற பிஷப்பை எடுத்தார். இந்த இடத்தில் கறுப்பு f1 யானையை விழுங்கினால் என்ன ஆகும் என்பதைப் பலகையில் வைத்துப் பார்ப்பது பயன் தரும்: வெள்ளைச் சிப்பாய் e6 கட்டத்துக்கு முன்னேறி f7 கட்டத்தை அடைத்துவிடும், அதே நொடியில் f4 பிஷப்பின் பார்வை திறந்து c7 ராணியைத் தாக்கும், h7 கட்டத்தில் மேட்டும் காத்திருக்கும். ஆகவே கார்ப்போவ் ராணியை e7 கட்டத்துக்கு நகர்த்த வேண்டியிருந்தது. ராஜா f7, e8 என்று நடுப்பலகைக்கு ஓடியது. வெள்ளை யானை g3 வழியாகச் சென்று g7 சிப்பாயை எடுத்தது. கணக்கில் ஆனந்துக்கு ஒரு காய் குறைவு, இரண்டு சிப்பாய்கள் அதிகம். ஆனால் கறுப்பு ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. முப்பத்தாறாவது நகர்வில் வெள்ளை பிஷப் g5 கட்டத்துக்கு வந்து, f6 கட்டத்தில் நின்ற யானையை d8 ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டதும் கார்ப்போவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இந்தப் பலி ஏன் பலித்தது என்பதற்கான விடை, ஆட்டத்தின் பெரும்பகுதி அசையாமல் b8 கட்டத்தில் நின்ற ஒரு கறுப்புக் குதிரையிடம் இருக்கிறது. அது 29ஆவது நகர்வில்தான் முதன்முதலாக வெளியே வந்தது. அந்தக் குதிரை d7 கட்டத்தில் இருந்திருந்தால், யானை b3 கட்டத்துக்குச் சென்ற உடனேயே f6 கட்டத்துக்குத் தாவி, h7 கட்டத்தைக் காத்து, வெள்ளை ராணியையும் விரட்டியிருக்கும். அதற்குப் பிறகு கொடுத்த பிஷப்புக்கு ஈடாக வெள்ளையிடம் எதுவும் மிஞ்சியிருக்காது.

இதன் மறுபக்கத்தை 1930இல் நீஸ் நகரில் பெல்ஜியத்தின் எட்கர் கோல், அயர்லாந்தின் ஓ'ஹான்லனை வென்ற ஆட்டம் காட்டுகிறது. பல புத்தகங்களில் இடம்பெற்ற அந்த ஆட்டத்தில், இரண்டாவது செக்குக்குப் பின் ஓ'ஹான்லன் ராஜாவை g6 கட்டத்துக்கு ஏற்றி, விரைவில் தோற்றார். ஆனால் வெள்ளைக்கு e5 கட்டத்தில் சிப்பாய் இல்லை, கறுப்பு யானை e8 கட்டத்துக்குச் சென்றுவிட்டதால் ராஜாவுக்கு f8 கட்டமும் காலியாக இருந்தது; எனவே ராஜா g8 கட்டத்துக்கே திரும்பி, வெள்ளை ராணி h5 கட்டத்துக்கு வந்ததும் கறுப்பு ராணி f6 கட்டத்தில் வந்து f7 சிப்பாயைக் காத்திருந்தால் தாக்குதல் முறியடிக்கத்தக்கதாக இருந்தது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் காட்டினர். வென்ற ஆட்டம் என்பதால் பலி சரியானது என்று கொள்வது தவறு. எதிராளி தவறான கட்டத்தைத் தேர்ந்ததால் கிடைத்த வெற்றியும் அதில் அடங்கும்.

இவ்விரண்டு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர், d3 பிஷப்பையும் h7 சிப்பாயையும் கண்டதும் கை நீட்டாமல், f6 கட்டத்துக்கு அடுத்த நகர்வில் எந்தக் கறுப்புக் காய் வர முடியும் என்று முதலில் தேட வேண்டும். ஏதேனும் ஒரு காய் அங்கே வந்துவிட முடியுமானால், பிஷப்பை d3 கட்டத்திலேயே வைத்திருப்பது நல்லது.