திசை அதேதான், எண்தான் வேறு

முதல் வரிசையில் 4, 1. இரண்டாம் வரிசையில் 2, 3. இந்த அணியால் (1, 1) என்ற வெக்டரைப் பெருக்கினால் (5, 5) வரும். திசை மாறவில்லை, நீளம்தான் ஐந்து மடங்கு. அந்த 5தான் ஐகன் மதிப்பு. (1, −2)க்கு அது 2.

மறுபடி பெருக்கினால் மறுபடி ஐந்து மடங்கு. ஆகவே அணியின் வர்க்கத்துக்கு 25, 4. நேர்மாறு அணி செய்ததைத் திருப்பிவிடும்: 1/5, 1/2. மூலைவிட்டத்தில் 1.9ஐக் கழித்தால் 3.1, 0.1. வெக்டர்கள் எதிலும் மாறுவதில்லை.

கழித்தலில்தான் சூட்சுமம். கழித்த அணியின் நேர்மாறுக்கு மதிப்புகள் சுமார் 0.32, 10. வேறெந்த வெக்டரையும் (அது சரியாக (1, 1) திசையில் இல்லாதவரை) அதனால் திரும்பத் திரும்பப் பெருக்கினால், ஒவ்வொரு முறையும் (1, −2)இன் பங்கு 31 மடங்கு ஓங்கும். 1944இல் ஹெல்முட் வீலாண்ட் முன்வைத்த முறை இது.

சரியாக 2ஐயே கழித்தால் ஒரு மதிப்பு 0 ஆகிவிடும், நேர்மாறே கிடையாது.